ஒரே பொந்தா, வேறு பொந்தா?
மறுமணத்தில் எழும் சந்தேகம் பற்றி ஒரு பாடம்

 

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். மகனின் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதும் அழுதுவிட்டார். "காக்கா, இவரும் அவரைப் போலத்தான் போலிருக்கு" என்றார். அவருக்கு நடந்ததை வைத்தே இந்த இதழின் பாடத்தை எழுதுகிறேன். அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவருடைய முதல் கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டு மணவாழ்க்கையில் கடைசி இரண்டு ஆண்டுகள், அங்கேயே ஒரு பெண்ணை ரகசியமாக நிக்காஹ் செய்து வாழ்ந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்தபோது, கம்பெனியில் சம்பளம் சரியாக வரவில்லை என்றார். விடுமுறையில் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் போன் பேசுவார். கேட்டால், "உனக்குச் சந்தேக புத்தி" என்று திட்டுவார். ஒருநாள் உறவுக்காரர் ஒருவரின் போனுக்கு வந்த ஒரு புகைப்படத்தில் உண்மை வெளிப்பட்டது. இந்தச் சகோதரி குலா பெற்றுக்கொண்டு பிள்ளையோடு தாய்வீடு திரும்பினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்கு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். இன்வெர்ட்டர், பேட்டரி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தொழுகையாளி, அதிகம் பேசாதவர். பிள்ளையைத் தன் பிள்ளையாகவே பார்த்துக்கொள்கிறார். அவர்மீது அந்தச் சகோதரி சொன்ன புகார்கள் மூன்று. போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். வியாழக்கிழமைதோறும் வீடு வந்துசேர இரவு பதினொன்று ஆகிறது. மாதம் பிறந்து ஐந்தாறு தேதிக்குள் 3,000 ரூபாய் எங்கோ போகிறது. எங்கே என்று அவர் சொல்வதில்லை.

அன்று நான் செய்தது தவறு. அதையும் எழுதிவிடுகிறேன். புகாரைக் கேட்டதும், தவறான எண்ணத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஸூரத்துல் ஹுஜுராத் வசனத்தை (49:12) எடுத்துச் சொல்லி, நல்லெண்ணம் வைக்கும்படி அறிவுரை கூறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு எங்கள் மகளிர் குழுவில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியை (எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றுதான் அழைப்போம்) வீடு தேடிப் போய்ப் பேசினார். வந்து என்னிடம் சொன்னார்: "முதல் புருஷன் சொன்ன அதே வார்த்தையைத்தான் நீங்களும் சொல்லியிருக்கீங்க. 'உனக்குச் சந்தேக புத்தி'. நீங்க ஆயத்தோட சேர்த்துச் சொன்னீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காக யோசித்தேன். அந்த வசனம் எல்லா எண்ணங்களையும் பாவம் என்று சொல்லவில்லை. அதிகமான எண்ணங்களைத் தவிர்க்கச் சொல்லி, அவற்றில் சில பாவமாகும் என்கிறது. அப்படியானால் பாவமாகாத சிலவும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை. நான் பிரித்துப் பார்க்காமல் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தச் சகோதரிக்கு அவருடைய லாத்தா வேறொரு ஹதீஸைச் சொல்லியிருந்தார். ஒரு முஃமின் ஒரே பொந்திலிருந்து இருமுறை தீண்டப்படமாட்டான் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. "ஒரு தடவை ஏமாந்தாச்சு, இன்னொரு தடவை ஏமாந்துறாதே. போனை எடுத்துப் பார்" என்பது லாத்தாவின் விளக்கம். நம் வீடுகளில் பலரும் இந்த ஹதீஸை இப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஹதீஸோடு தொடர்புபடுத்தி ஸீரா நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அபூ அஸ்ஸா என்ற குறைஷிக் கவிஞர் பத்ருப் போரில் கைதியானார். தான் ஏழை, பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மன்றாடினார். முஸ்லிம்களுக்கு எதிராக இனி வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் ஈட்டுத்தொகை வாங்காமலே அவரை விடுவித்தார்கள். அவர் அந்த வாக்கை மீறி, மறு ஆண்டு உஹதுப் போரின்போது எதிரணியோடு வந்தார். மீண்டும் பிடிபட்டபோது அதே மன்றாட்டோடு வந்து நின்றார். இந்த முறை அது ஏற்கப்படவில்லை.

இங்கே பொந்து எது? வாக்கு மீறிய அதே மனிதர், அதே வாக்குறுதி. அந்த நிகழ்ச்சியைக் காரணமாக வைத்து நபி (ஸல்) அவர்கள் வேறு எந்தக் கைதியையும் நம்ப மறுக்கவில்லை. ஆக, இந்தச் சகோதரியின் முதல் கணவர் திரும்பி வந்து, "இனி ஒழுங்காக இருக்கிறேன்" என்று சொன்னால், லாத்தா இந்த ஹதீஸைச் சொல்லித் தடுக்கலாம். பேட்டரிக் கடைக்காரர் வேறு மனிதர். அவர் கையில் இந்தச் சகோதரி ஒருமுறைகூடக் கொட்டுப்பட்டதில்லை.

பயம் முந்திக்கொள்கிறது

சரி, வேறு மனிதர் என்று அறிவுக்குத் தெரிகிறது. பிறகு ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது? சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். அடுப்பு எரிகிறதா, அணைந்து சாம்பலாகிக் கிடக்கிறதா என்று பூனை பார்ப்பதில்லை. அடுப்பு என்ற உருவம் தெரிந்தாலே போதும். மனித உடம்பும் ஓரளவு இப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய வேதனை ஒன்றை அனுபவித்தவருக்கு, அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன அடையாளங்களும் மனத்தில் பதிந்துவிடும். போன் மணி, எழுந்து போகும் காலடிச் சத்தம், குறைந்து வரும் பணம் போன்றவை. பின்னாளில் அதில் ஒன்று தென்பட்டாலும், யோசனை தொடங்கும் முன்பே உடம்பு பதறிவிடுகிறது. பதறிய பிறகு, ஏன் பதறினோம் என்பதற்கு மூளை காரணம் தேடுகிறது. எதிரே இருப்பவர்மீது ஒரு காரணம் கிடைத்தும்விடுகிறது.

டீச்சரம்மா கேட்ட முதல் கேள்வி இதைத்தான் தொட்டது. "பயம் எப்ப வருது? போன் வந்ததுமா, இல்ல அவர் பேசுறதைக் கேட்ட பிறகா?" அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மணி அடிச்சதுமே வந்துருது லாத்தா. யாருன்னு பார்க்குறதுக்கு முன்னாடியே" என்றார். யார் பேசுகிறார்கள் என்று தெரியும் முன்பே வருகிற பயத்துக்கு இன்றைய போன் ஆதாரமாக இருக்க முடியாது. அது பழைய கணக்கு.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஒரு ஃபிக்ஹு விதி தெரிந்திருக்கும். உறுதியாகத் தெரிந்த ஒன்று, வெறும் சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது அது. இதற்கு ஆதாரமாக உஸ்தாதுமார்கள் காட்டுவது உளூ பற்றிய ஹதீஸ். தொழுகையில் நிற்கும்போது காற்றுப் பிரிந்ததோ என்று ஒருவருக்குத் தோன்றினால், சத்தத்தைக் கேட்காதவரை அல்லது வாடையை உணராதவரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். சிறுவயதில் இந்தப் பாடம் வந்தால் நாங்கள் சிரித்துக்கொண்டே ஓதுவோம். இன்று நினைத்துப் பார்த்தால், சந்தேக நோய்க்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை. "தோன்றுகிறது" என்பது போதாது. காதில் விழுந்தது என்ன, மூக்கு உணர்ந்தது என்ன? அதுவும் நேற்றைய தொழுகையில் அல்ல, இப்போது நிற்கும் தொழுகையில். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த ஹதீஸ் காதையும் மூக்கையும் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை. சத்தம் கேட்டால் விலகத்தான் வேண்டும்.

ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

டீச்சரம்மா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் 'அன்று கண்டது', வலப்பக்கம் 'இன்று கண்டது'. ஒரே நிபந்தனை: கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். 'மறைக்கிறார்' என்று எழுதக் கூடாது, அது முடிவு. 'எழுந்து வாசலுக்குப் போனார்' என்று எழுதலாம், அது கண்டது. இதைக் கேட்டால் சுலபமாகத் தெரியும். எழுதத் தொடங்கிய பிறகு அந்தச் சகோதரி நான்கு முறை அடித்து அடித்து எழுதினார்.

முதலில் போன். இடப்பக்கம்: மொட்டை மாடிக்குப் போவார், நான் படியேறினால் குரலைத் தாழ்த்துவார், இல்லாவிட்டால் வைத்துவிடுவார், போனைத் தலையணைக்குக் கீழே வைப்பார், குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போவார். வலப்பக்கம்: வாசலுக்குப் போவார், நான் பக்கத்தில் போனாலும் அதே குரலில் பேசுவார், போன் மேசைமேல்தான் கிடக்கும், குளிக்கும்போது மணி அடித்தால், "யாருன்னு எடுத்துக் கேளும்மா" என்று சத்தம் கொடுப்பார். எழுதி முடித்துவிட்டுத் தானே இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 'எழுந்து போவது' ஒன்றுதான் இரண்டிலும் பொது. ஏமாற்று வேலை இருந்தது எழுந்து போனதில் அல்ல, குரலைத் தாழ்த்தியதில். அது வலப்பக்கத்தில் இல்லவே இல்லை.

பிறகு ஏன் எழுந்து போகிறார்? டீச்சரம்மா சிரித்துக்கொண்டே, "உங்க உம்மாகிட்ட நீ எங்க நின்னு போன் பேசுவே?" என்று கேட்டார். அந்தச் சகோதரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வாசலில் நின்றுதான் பேசுகிறார். அந்த வீட்டின் உள்ளறையில் சிக்னல் கிடைப்பதில்லை.

அடுத்தது வியாழக்கிழமை. இடப்பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. முதல் கணவர் ஊரிலேயே இல்லாதவர். வலப்பக்கம்: வெள்ளிக்கிழமை கடை விடுமுறை, ஆகவே வியாழன் இரவுக்குள் பழுது பார்த்ததை எல்லாம் கொடுத்து முடிக்கிறார், கடைப் பையனும் அவரோடுதான் இருக்கிறான், வரும்போது சட்டையில் பேட்டரி ஆசிட் வாடை. இதை எழுதும்போதே அந்தப் புகார் கரைந்துவிட்டது. பயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துவரும் என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவதாக 3,000 ரூபாய். இடப்பக்கம்: பணம் குறைந்தது, கேட்டதற்குச் சம்பளம் வரவில்லை என்றார், அது பொய். வலப்பக்கம்: மாதாமாதம் ஒரே தொகை போகிறது, ஒருமுறை கேட்டதற்கு "ஒரு கொடுக்கல் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் டீச்சரம்மா செய்ததை நான் மெச்சுகிறேன். முந்தின இரண்டும் பழைய பயம் என்று ஆகிவிட்டதே, இதுவும் அப்படித்தான் என்று தள்ளிவிடவில்லை. "இது நியாயமான கேள்வி. குடும்பப் பணம் மாதாமாதம் எங்கே போகுதுன்னு பொண்டாட்டிக்குத் தெரியணும். முதல் கல்யாணமே நடக்காத ஒருத்தியும் இதைக் கேப்பா" என்றார். இந்தக் கடைசி வாக்கியம்தான் அளவுகோல். பழைய காயம் எதுவும் இல்லாத, நிதானமான ஒரு பெண் அதே இடத்தில் இருந்தால் கேட்பாளா? கேட்பாள் என்றால் கேள்வி இன்றையது. காயம் பட்டவருக்கும் உண்மையான ஆதாரம் கண்ணில் படலாம். அவருக்குப் பயம் அதிகம் என்பதற்காக அவர் கேட்பதெல்லாம் வீண் என்று ஆகிவிடாது.

கேட்டது எப்படி

அவர் களைத்து வரும் வியாழன் இரவில் கேட்க வேண்டாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, பிள்ளை விளையாடப் போன பிறகு கேட்கலாம் என்று முடிவானது. எப்படிக் கேட்பது என்பதையும் பேசி வைத்தார்கள். "யாருக்குக் கொடுக்குறீங்க?" என்று தொடங்கினால் அது விசாரணை. கண்டதைச் சொல்லி, தன் மனநிலையைச் சொல்லி, வேண்டியதைக் கேட்பது என்று தீர்மானித்தார்கள். அவர் கேட்டது ஏறக்குறைய இப்படி: "என்னங்க, மாசா மாசம் மூவாயிரம் போறதைப் பார்க்குறேன். எனக்கு முன்னாடி நடந்தது உங்களுக்குத் தெரியும். பணம் எங்கே போகுதுன்னு தெரியலேன்னா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அது என்னன்னு எனக்குச் சொல்லணும்."

மனிதர் திகைத்துப்போனாராம். "உங்க காக்காகிட்ட நிக்காஹுக்கு முன்னாடியே சொல்லிட்டேனேம்மா. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். மௌத்தானவளோட கடன் பத்தி உன்கிட்ட அடிக்கடி எதுக்குப் பேசணும்னு சுருக்கமா சொல்லி விட்டுட்டேன்" என்று எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். அவருடைய முதல் மனைவியின் சிகிச்சைக்காக ஒரு நண்பரிடம் வாங்கிய 1,80,000 ரூபாய் கைமாற்றுக் கடன். வட்டி கிடையாது. மாதம் 3,000 வீதம் அறுபது மாதம். முப்பத்தெட்டு மாதம் கட்டி 1,14,000 அடைந்திருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் நண்பரின் கையெழுத்து இருந்தது. பாக்கி 66,000.

காக்காவைக் கேட்டால், "கடன்னு சொன்னா பயந்து வேண்டாம்னு சொல்லிருவாளோன்னு சொல்லலை" என்றார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஏமாற்றப்பட்டு வந்த பெண்ணிடம் ஒரு விஷயத்தை மறைத்து நிக்காஹ் செய்துவைப்பது, ஆறாத புண்ணின் மேல் கட்டுப்போட்டு மூடுவது போன்றது. உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டபோது, தமக்கு ரோஷ குணம் அதிகம் என்பதையும் தமக்குப் பிள்ளை இருப்பதையும் அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் குணம் நீங்க துஆ செய்வதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. மணமாகும் முன்பே இரு தரப்பும் பேசிவிட வேண்டியதற்கு இது முன்மாதிரி. இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, நம் அறக்கட்டளை வழியாக நடக்கும் மறுமணங்களில் கடன், மாதாந்தரப் பொறுப்புகள், முந்தைய மணம் முடிந்த விதம் மூன்றையும் எழுதி, மணமக்கள் இருவரிடமும் நேரடியாகப் படித்துக் காட்டுகிறோம். வலீயிடம் சொல்லிவிட்டால் போதும் என்று விடுவதில்லை.

பதில் கிடைத்த பிறகும்

பதில் கிடைத்துவிட்டது, ஆதாரமும் கையில் இருக்கிறது, இனிப் பயம் போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். போகவில்லை. பத்து நாள் கழித்து அவர் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. அன்று இரவு நிம்மதி. மூன்றாம் நாள், "அழிச்சிருப்பாரோ?" என்று தோன்றியது. மறுபடி எடுத்தார். இம்முறை அவர் விழித்துக்கொண்டார். கோபப்படவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவர் இல்லம்மா" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போதுதான் அந்தச் சகோதரி முதல்முறையாகத் தனக்காக அல்லாமல் அவருக்காக அழுதார்.

ரகசியமாகத் துழாவிப் பார்ப்பதில் இருக்கும் வில்லங்கம் இது. கிடைக்கும் நிம்மதி ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். பிறகு அதைவிடப் பெரிய சோதனை தேவைப்படும். ஒன்றும் கிடைக்காததே ஒரு புதிய சந்தேகமாக மாறிவிடும். பழைய பயத்தை இன்றைய ஆதாரத்திலிருந்து பிரித்தறிய இதுவும் ஒரு அடையாளம்: இன்றைய கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் அது அடங்கும், பழைய பயத்துக்கு எந்தப் பதிலும் போதாது, அடுத்த கேள்விக்குத் தாவும்.

மேலே சொன்ன அதே வசனம் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. பயணம் போன ஆண்கள், குடும்பத்தார்மீது சந்தேகப்பட்டோ, குறை கண்டுபிடிக்கவோ இரவில் திடீரென்று வீட்டில் வந்து நிற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நேருக்கு நேர் கேட்பது வேறு, பொறி வைத்துக் காத்திருப்பது வேறு. அந்த ஹதீஸ் ஆண்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும் நம் ஆண்கள் கவனிக்க வேண்டும். முதல் மனைவியால் ஏமாற்றப்பட்டு, இரண்டாவது மனைவியைக் கதவுக்கு வெளியே பூட்டிவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தன் செயலுக்குச் சொன்ன ஆதாரமும் அதே பொந்து ஹதீஸ்தான்.

கடைக்காரரின் பங்கும் இதில் உண்டு. "தப்பே செய்யாத நான் எதுக்குக் கணக்குச் சொல்லணும்?" என்று அவர் கேட்டார். அவருக்கு ஸஃபிய்யா (ரலி) அவர்கள் தொடர்பான ஹதீஸை நினைவூட்டினேன். ரமளானில் இஃதிகாஃபில் இருந்த நபி (ஸல்) அவர்களைப் பார்க்க இரவில் வந்த மனைவியை வழியனுப்ப அவர்கள் எழுந்து வருகிறார்கள். அன்ஸாரிகள் இருவர் கடந்துபோகிறார்கள். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று நபி (ஸல்) அவர்களே சொல்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாதவர்கள், பிறர் மனத்தில் ஷைத்தான் எதையும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தாமாக விளக்கம் சொன்னார்கள். "அவங்களே சொன்னாங்கன்னா எனக்கென்ன" என்று அவர் இறங்கிவந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஏற்பாடு பேசி முடித்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு, கடன் நோட்டையும் கடைக் கணக்கையும் இருவரும் சேர்ந்து பார்ப்பது. வியாழன் தாமதமானால் இஷாவுக்குப் பிறகு அவரே ஒரு போன் செய்வது. அவர் போனை இவர் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்கத் தோன்றினால், "எனக்கு இப்ப பயமா இருக்கு" என்று அவரிடமே சொல்வது. அந்த நேரத்தில் அவர் வாதாடாமல், கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்வது. பயம் வரும்போதெல்லாம் எத்தனை நிமிடம் நீடித்தது என்று அந்தச் சகோதரி காலண்டர் தாளில் குறித்துவந்தார்.

வேறு மாதிரியும் இருக்கும்

இதைப் படித்துவிட்டு, மனைவி எது கேட்டாலும் "உனக்குப் பழைய பயம்" என்று சொல்லித் தப்பிக்க ஒரு கணவர் முயலலாம். அதற்கும் அளவுகோல் சொல்லிவிடுகிறேன். நேராகக் கேட்டபோது சொன்ன விளக்கம், விசாரித்தால் பொய்யாக இருக்கிறது, அடுத்த தடவை வேறு விளக்கம் வருகிறது, கேட்டதற்கே கை ஓங்குகிறார், தலாக் என்று மிரட்டுகிறார், நகை குறைகிறது, தாய்வீட்டோடு பேசக் கூடாது என்கிறார். இவை இன்றைய சத்தம், இன்றைய வாடை. இவற்றைச் சகித்துக்கொண்டு நல்லெண்ணம் வைக்கும்படி எந்த ஆலிமும் உங்களிடம் சொல்ல மாட்டார். ஜமாஅத்திடமோ எங்களிடமோ வாருங்கள். அடி, மிரட்டல் என்றால் காத்திருக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

கணவர்மீது குறை எதுவும் இல்லாமலே வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, படபடப்பு நிற்கவில்லை, பழைய காட்சிகள் கண்முன் வருகின்றன என்றால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம், கட்டணம் கிடையாது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள். அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

அந்தச் சகோதரி இந்த ஆண்டும் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தார். காலண்டர் தாளைப் பற்றிக் கேட்டேன். முதல் மாதம் ஒரு மணி நேரம் வரை நீடித்த பயம் இப்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வந்திருக்கிறது. "போன் அடிச்சா இன்னும் நெஞ்சு திக்குனுதான் இருக்கு காக்கா. ஆனா அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள அடங்கிருது." கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டதற்கு, நோட்டைப் பார்க்காமலே சொன்னார்: பத்து மாதம், முப்பதாயிரம்.